கண்ணுக்குத் தெரியாத அடிவானம்: மார்கழி மூட்டத்தில் எடுத்த டிரோன் படத்துக்கு வானம் மாற்றிய பதிவு

பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் உறவினர் ஒருவரின் வயலை மார்கழிக் காலையில் டிரோனில் படம் எடுத்திருந்தேன். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு நெல் மண்டியில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். முன்னால் குளம், அதை ஒட்டி வாய்க்கால், அதற்கப்பால் கதிர் முற்றிய சம்பா என்று படத்தின் கீழ்ப்பாதி நன்றாகவே வந்திருந்தது. மேல்பாதியில்தான் ஒன்றுமில்லை. தென்னந்தோப்புகள் வடக்கே போகப் போக வெளுத்து, ஒரு கட்டத்தில் சாம்பல் வெள்ளையில் கரைந்துவிட்டன. அதற்கு மேல் வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை. “ஆகாசத்தையே காணோமே தம்பி” என்றார் மாமா. அவர் சொன்னது சரி. ஆனால் காணாமல் போனது ஆகாசம் மட்டுமன்று, அடிவானமும் சேர்த்துத்தான். இந்த வேலையில் தொல்லை கொடுத்தது இரண்டாவதுதான்.

வானம் மாற்றும் வசதி இப்போது பல மென்பொருள்களில் ஒரே சொடுக்கில் கிடைக்கிறது. முதலில் அப்படி ஒன்றில்தான் போட்டுப் பார்த்தேன். வெளுத்துப்போன பகுதி முழுவதையும் அது வானம் என்றே எடுத்துக்கொண்டு, கடைசியாகத் தெரிந்த தென்னை உச்சிகள் வரை நீலத்தை இறக்கிவிட்டது. முதற் பார்வைக்கு அழகாக இருந்த அந்தப் படத்தை மறுநாள் பார்த்தபோது, நிலம் மூன்று நான்கு கிலோமீட்டரில் வெட்டுப்பட்டு நிற்பது போலவும், அதற்குப் பின்னால் யாரோ நீலப் படுதா கட்டியது போலவும் தெரிந்தது. தென்னை உச்சிகளைச் சுற்றி வெளிறிய ஓர் ஓரமும் இருந்தது. புதிய வானம் எங்கே தெரிய வேண்டும் என்று வரையறுக்கும் மாஸ்க்கின் விளிம்பை மென்மையாக்கினால் ஓரம் மறைந்தது, படுதா மறையவில்லை. கோளாறு விளிம்பில் இல்லை, புதிய வானம் தொடங்கிய இடத்தில்தான் என்று அப்போது புரிந்தது. ஆகவே அடிவானம் படத்தில் உண்மையாக எந்தப் பிக்சல் வரிசையில் இருக்க வேண்டும் என்பதை முதலில் கண்டுபிடிக்க முடிவு செய்தேன்.

கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது கோப்புக்குள் இருக்கிறது. என்னுடைய டிரோன் ஒவ்வொரு படத்திலும் கேமராவின் சாய்வையும் தரையிலிருந்து உயரத்தையும் எழுதி வைக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல் அதை எடுத்துத் தரும்:

```
exiftool -GimbalPitchDegree -GimbalRollDegree -RelativeAltitude vayal.DNG
```

சாய்வு −8 பாகை, பக்கச் சரிவு 0, உயரம் 60 மீட்டர் என்று வந்தது. படம் 4000க்கு 3000 பிக்சல்; லென்ஸ் 24 மில்லிமீட்டர் சமானம். 35 மி.மீ. பிலிம் சட்டத்தின் மூலைவிட்டம் 43.27 மி.மீ., நம் படத்தின் மூலைவிட்டம் 5000 பிக்சல். இவை போதும்:

```
24 / 43.27 × 5000 = 2773          (குவியத்தூரம், பிக்சலில்)
1500 − 2773 × tan 8° = 1110       (கண்மட்டக் கோடு, மேலிருந்து)
1.76 × √60 = 13.6′ → 11 பிக்சல்    (அடிவானத் தாழ்வு)
1110 + 11 = 1121                  (அடிவானம்)
```

டிரோனின் கண்மட்டத்தில் ஒரு கோடு இழுத்தால் அது படத்தின் மேல்விளிம்பிலிருந்து 1110ஆம் வரிசையில் விழுகிறது. பூமி வளைந்திருப்பதால் உண்மையான அடிவானம் அதற்குச் சற்றுக் கீழே, 1121இல் இருக்கிறது. கடைசியாகத் தெரிந்த தோப்பின் உச்சிகளோ 1150ஆம் வரிசையை ஒட்டி இருந்தன. செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தத் தோப்பை அடையாளம் கண்டு அளந்தபோது தூரம் மூன்றரை கிலோமீட்டர் வந்தது. அறுபது மீட்டர் உயரத்திலிருந்து அடிவானம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அப்படியானால் 1121க்கும் 1150க்கும் இடைப்பட்ட முப்பதே வரிசைகளுக்குள் கபிஸ்தலமும் காவிரியும் கொள்ளிடமும் அக்கரை நிலமும் அடங்கியிருக்கின்றன. அந்த முப்பது வரிசைகளைத்தான் மென்பொருள் வானமென்று நினைத்து நீலம் பூசியது. அவை நிலம்; மூட்டத்துக்குள் இருக்கும் நிலம். அவற்றைத் தொடக்கூடாது.

இந்தக் கணக்கை அப்படியே நம்பவில்லை. அதே வயலில், அதே உயரத்தில், ஐப்பசி மழை விட்ட மறுநாள் எடுத்த தெளிவான படம் ஒன்று கையிலிருந்தது. அதன் சாய்வு எண்ணைப் போட்டுக் கணக்கிட்ட வரிசைக்கும், படத்தில் கண்ணால் தெரிந்த அடிவானத்துக்கும் ஏழு பிக்சல் வேறுபாடு இருந்தது. கேமராவைத் தாங்கும் கிம்பல் சொல்லும் கோணத்தில் 0.1 பாகை பிழை இருந்தாலே ஐந்து பிக்சல் நகரும் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். கொள்ளிடத்துக்கு வடக்கே நிலம் மெல்ல உயர்வதால் ஓரிரு பிக்சல் மேலேறவும் வாய்ப்புண்டு. பின்னால் செய்யப்போகும் கலப்பு மெதுவானது என்பதால் பத்துப் பிக்சல் பிழை வரை அது தாங்கும். முப்பது பிக்சல் பிழையைத் தாங்காது. லென்ஸ் வளைவுத் திருத்தத்தை மட்டும் இந்தக் கணக்குக்கு முன்பே செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மையத்துக்கு மேலே இருக்கும் அடிவானம் நேர்கோடாக வராது.

உயரத்தைப் பற்றிய இந்தக் கணக்கிலிருந்து கேளாமலே ஒரு நன்மை கிடைத்தது. டிரோனைவிட உயரம் குறைந்த எதுவும் சமதளத்தில் கண்மட்டக் கோட்டைத் தாண்டி மேலே தெரியாது. டெல்டாவில் தென்னையும் பனையும் ஊர்க்கோயில் கோபுரமும் கைப்பேசிக் கோபுரமும் பெரும்பாலும் அறுபது மீட்டரைத் தொடுவதில்லை. ஆகவே இந்தப் படத்தில் வானத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. தென்னங்கீற்றைக் கீற்றாக வெட்டும் வேலை முழுவதும் மிச்சம்; கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மெல்ல மாறும் நேரான ஒரு கிரேடியன்டே மாஸ்க்காகப் போதும். பெரிய கோயில் விமானத்தின் அருகே பறந்திருந்தால் இந்தச் சலுகை கிடைத்திருக்காது. அங்கே பறக்க அனுமதி பெறுவது வேறு கதை.

அடுத்தது எந்த வானத்தைப் போடுவது என்பது. என்னிடம் வானப் படங்கள் கொஞ்சம் சேர்ந்திருந்தாலும் பெரும்பாலானவை இதற்கு உதவவில்லை. அவை அண்ணாந்து பார்த்து எடுத்தவை. இந்தப் படத்தின் மேல்விளிம்பில்கூட நாம் பார்ப்பது அடிவானத்திலிருந்து இருபது பாகை உயரத்து வானத்தைத்தான். அந்த உயரத்தில் மேகங்கள் தட்டையாக, கீழே போகப் போக நெருங்கி, கோடுகள் போல அடுக்கப்பட்டிருக்கும். தலைக்கு மேலுள்ள பஞ்சுப் பொதியை அங்கே கொண்டு வந்து வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கும். அதனால் கேமராவைக் கிடைமட்டமாகப் பிடித்து, அடிவானமும் சட்டத்துக்குள் விழும்படி எடுத்த வானமே வேண்டும். அதற்குத் திறந்த வெளி வேண்டும். கொள்ளிடத்து மணலில் நின்று வடக்கே பார்த்துக் கைப்பேசியில் எடுத்த படமொன்று பொருந்தியது. அதுவும் தை மாதக் காலைப் படம்.

ஒளியின் திசையையும் பார்க்க வேண்டியிருந்தது. ஜனவரித் தொடக்கத்தில் காலை எட்டு மணிக்கு நம் பக்கம் சூரியன் தென்கிழக்கில், ஏறத்தாழ பதினெட்டு பாகை உயரத்தில் இருக்கும். நிழல் மரத்தைப் போல மூன்று மடங்கு நீளும். வடக்கே பார்க்கும் படத்தில் ஒளி வலப்பக்கம் பின்னாலிருந்து வருகிறது, நிழல்கள் இடப்பக்கம் சாய்ந்து விலகிப் போகின்றன. என் படத்தில் மூட்டத்தினால் நிழல்கள் மங்கலாகவே விழுந்திருந்தன. இத்தகைய ஒளியில் வெண்ணெய் போல விளிம்பு மின்னும் திரள்மேகம் பொய்யாகத் தெரியும். அதற்குப் பளிச்சென்ற நிழல் கீழே இருக்க வேண்டும். கொள்ளிடத்துப் படத்தில் உயரத்தில் மெல்லிய கீற்றுமேகமும் வெளிர்நீலமுமே இருந்தன. அழகில் அது இரண்டாம் தரந்தான். இருந்தாலும் இந்தத் தரைக்கு அதுவே ஒத்துப்போனது.

கைப்பேசியின் லென்ஸ் 26 மி.மீ. சமானம். கணக்குப்படி அந்தப் படத்தை 92 விழுக்காடாகச் சுருக்க வேண்டும். சுருக்கினால் அகலம் 4000 பிக்சலுக்குப் போதாது. சுருக்காமலே விட்டேன். மேகங்கள் எட்டு விழுக்காடு பெரிதாகத் தெரிவதை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் படத்தில் 1500ஆம் வரிசையில் இருந்த அடிவானத்தை 379 பிக்சல் மேலேற்றி 1121இல் பொருத்தினேன்.

இனி கலப்பு. கலப்பு வேலை முழுவதும் கிம்ப் என்ற பட மென்பொருளில், 16-பிட் துல்லியத்தில் நடந்தது. அதற்கு முன் டார்க்டேபிள் என்ற மென்பொருளில் டிரோனின் ரா கோப்பைப் படமாக மாற்றும்போது வானத்தின் வலப்பக்கம் முழு வெள்ளையாக வெந்துபோகாதபடி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டேன். மூட்டத்தின் நிறம்தான் இந்த வேலைக்கே அடித்தளம். அது முழு வெள்ளையான 255இல் முட்டி நின்றால் பின்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அடிவானத்தருகே புதிய வானத்தின் நிறத்தையும் பழைய மூட்டத்தின் நிறத்தையும் ஒன்றாக்குவது எப்படி என்பதில் நேரம் போனது. மூட்டப்பட்டையைத் தொட்டுப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் சராசரி 212, 210, 205 என்று சற்றுப் பழுப்பேறிய வெள்ளை. கொள்ளிடத்து வானத்தின் அடிப்பகுதி 203, 214, 226 என்று நீலம் கலந்த வெள்ளை. நிற அளவுகளை மாற்றும் கர்வ்ஸை வளைத்து ஒன்றை மற்றொன்றுக்கு இழுக்கலாம்தான். ஆனால் என் படத்தின் மூட்டம் சூரியன் இருக்கும் வலப்பக்கம் ஏழெட்டுப் புள்ளி வெளிச்சமாகவும், இடப்பக்கம் அதே அளவு மங்கலாகவும் இருந்தது. இடப்பக்கம் சரி செய்தால் வலப்பக்கம் கோடு தெரிந்தது. மூட்ட நிறத்தைத் தனி லேயரில் பூசிப் பார்த்தபோதும் இதே சிக்கல்தான். கடைசியில் பூசவே தேவையில்லை என்று தெரிந்தது. வேண்டிய மூட்டம், வேண்டிய நிறத்தில், வேண்டிய ஏற்றத்தாழ்வுடன் பழைய படத்திலேயே இருக்கிறது. புதிய வானத்தை அடிவானத்தில் முற்றிலும் மறைத்து, மேலே போகப் போக மெல்ல வெளிக்கொண்டு வந்தால், கீழே தெரிவது அசல் மூட்டமாகவே இருக்கும். பொருத்த வேண்டிய இடமே இல்லாமல் போகிறது.

அந்த மாஸ்க் எந்த வேகத்தில் திறக்க வேண்டும் என்பதே மிச்சக் கேள்வி. நேரான கிரேடியன்ட் போட்டால் படம் முழுவதும் பால் ஊற்றியது போல ஆகிறது. நூறு பிக்சலுக்குள் முடித்துவிட்டால் மறுபடியும் படுதா. தரையை ஒட்டிய மூட்டத்தை நாம் கிடைமட்டமாகப் பார்க்கும்போது நெடுந்தூரம் ஊடுருவிப் பார்க்கிறோம். பார்வை சற்று உயர்ந்தாலே அந்தத் தூரம் விரைவாகக் குறைந்துவிடுகிறது. அதனால் மாஸ்க் முதலில் ஏறத்தாழ மூடியே இருந்து, பிறகு சட்டென்று திறந்து, அதன்பின் மெதுவாக ஊர வேண்டும். அடிவானத்திலிருந்து 50 பிக்சல் மேலே புதிய வானம் 5 விழுக்காடும், 100 பிக்சலில் 25உம், 200இல் 50உம், 300இல் 60ஐச் சற்றுத் தாண்டியும், 500இல் 75உம் தெரியும்படி வைத்தேன். படத்தின் மேல்விளிம்பிலும் 85க்கு மேல் விடவில்லை. செய்முறை எளிது: வான லேயருக்கு `Add Layer Mask` கொடுத்து, 1121ஆம் வரிசையில் கறுப்பும் மேல்விளிம்பில் வெள்ளையுமாக நேர் கிரேடியன்ட் இழுத்து, 1121க்குக் கீழே முழுக் கறுப்பாக விட்டு, மாஸ்க் மீதே `Colors > Curves` திறந்து, மேற்சொன்ன அளவுகளுக்கு ஏற்பப் புள்ளிகள் வைத்தேன். நூறு விழுக்காடு திறக்காமல் விட்டதுதான் படத்துக்கு உயிர் கொடுத்தது என்பது என் எண்ணம். முழு நீலம் வந்தவுடன் கீழேயுள்ள மங்கிய வயல் அதோடு சண்டை போடத் தொடங்குகிறது.

தரைப்பகுதியில் மூட்டத்தைக் குறைக்க டார்க்டேபிளின் `haze removal` போதும். அதை அருகிலிருக்கும் வயலுக்கு மட்டும் கொடுத்து, தூரத்துத் தோப்பு வரும்போது பூச்சியமாகும்படி கிரேடியன்ட் மாஸ்க் வைத்தேன். படம் முழுவதற்கும் கொடுத்தால் அந்த முப்பது வரிசைப் பட்டை ஊதா நிறத்தில் அழுக்கேறித் தெரிகிறது. தொலைவிலுள்ள மரங்கள் பக்கத்தில் வந்துவிடுகின்றன, படத்தின் ஆழம் போய்விடுகிறது.

குளத்தை மறந்துவிடக்கூடாது. வானம் நீலமாகிவிட்ட பின்பும் குளத்து நீர் சாம்பலாகவே இருந்தால், படம் பார்ப்பவர்கள் முதலில் அங்கேதான் கண் வைப்பார்கள். நீரில் எந்த வானம் தெரியும் என்பதற்கும் கோணந்தான் விடை: எத்தனை பாகை தாழ்வாக நீரைப் பார்க்கிறோமோ, அத்தனை பாகை உயரத்து வானம் அதில் தெரியும். குளம் 2300ஆம் வரிசையை ஒட்டி இருந்தது; கணக்கிட்டால் 24 பாகைத் தாழ்வு. நம் படத்தின் வானம் 20 பாகையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே குளத்தில் தெரிய வேண்டியது சட்டத்துக்கு வெளியே இருக்கும் வானம். படத்து மேகத்தையே தலைகீழாகத் திருப்பி அங்கே ஒட்டினால் தவறாகிவிடும். கைப்பேசிப் படத்தில் மேலே மிச்சமிருந்த பகுதி 26 பாகை வரை எட்டியதால், அந்தத் துண்டை எடுத்துத் தலைகீழாக்கி, நன்றாக மங்கலாக்கி, குளத்தின் எல்லைக்குள் `Soft light` முறையில் 30 விழுக்காடு வைத்தேன். கலங்கிய நீர் தன் நிறத்தையும் காட்டும், அலையில் மேக உருவம் நிற்காது. அதனால் நீலச் சாயல் வந்தால் போதும், மேகம் தெரிய வேண்டியதில்லை. வாய்க்காலில் கரை மரங்களின் நிழலே விழுந்திருந்ததால் அதைத் தொடவில்லை.

இவ்வளவும் முடிந்து திரையில் குறையில்லாமல் தெரிந்த படத்தைத் தஞ்சாவூர் லேப் ஒன்றில் 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டு வாங்கியபோது, அடிவானத்துக்குச் சற்று மேலே கிடைமட்டமாக மெல்லிய வரிகள் தெரிந்தன. மெதுவாக மாறும் நிறத்தை 8-பிட் ஜேபெக் படிப்படியாக வெட்டிக் காட்டுவதன் விளைவு அது. கைப்பேசி வானம் மழமழவென்று இருந்ததும், டிரோன் மூட்டத்தில் நுண்மணல் போலப் புள்ளிகள் இருந்ததும் அதைக் கூட்டிக்காட்டின. வான லேயரில் `Filters > Noise > RGB Noise` மிகச் சிறிய அளவில், நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்க்கும்போது இரண்டு பகுதிகளின் புள்ளியும் ஒன்றாகத் தெரியும் வரை சேர்த்து, அதற்குப் பிறகே 8-பிட்டுக்கு மாற்றினேன். வரிகள் போய்விட்டன. மென்பொருள்களுக்குக் காசில்லை, வீணான அந்த ஓர் அச்சுதான் செலவு.

அந்தச் செலவையும் தவிர்த்திருக்கலாம். எல்லா லேயர்களுக்கும் மேலே தற்காலிகமாக ஒரு நகல் வைத்து, அதன் கர்வ்ஸை மேலும் கீழுமாக ஏறி இறங்கும் வளைவாக மாற்றினால், கண்ணுக்குத் தெரியாத ஒட்டு, வரி, நிறத் தாவல் எல்லாம் பட்டை பட்டையாக வெளியே வந்துவிடும். மூட்டம் இயல்பாக இருந்தால் பட்டைகள் அலை போல வளைந்து போகும். ஒட்டு இருந்தால் பட்டை ஒரே வரிசையில் நேராக முறியும். இப்போது அச்சுக்கு அனுப்பும் முன் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன்.

இந்த முறை எல்லாப் படத்துக்கும் செல்லாது. பதினைந்து மீட்டர் உயரத்தில் பறந்தால் முன்னாலுள்ள தென்னைகள் கண்மட்டத்தைத் தாண்டி வானத்துக்குள் நுழைந்துவிடும். அப்போது நேர் கிரேடியன்ட் மரத்தின் மேலும் நீலம் பூசும். அதற்கு, மூட்ட வானத்தை முதலில் ஏறத்தாழ வெள்ளையாக உயர்த்திய நகலொன்றைப் புதிய வானத்தின் மேல் `Multiply` முறையில் வைத்தால், கீற்றுகளுக்கிடையேயுள்ள இடைவெளிகளில் வானம் தானாக வந்துவிடும். ஆனால் மூட்டத்தால் வெளுத்த தூரத்து மரங்கள் அதில் பாதி கரைந்துபோகின்றன. பயிர்ச் சேதத்துக்கோ நில அளவைக்கோ கொடுக்கும் படத்தில் வானத்தையும் மாற்றக்கூடாது, மூட்டத்தையும் குறைக்கக்கூடாது. மாமாவிடம் கொடுத்த அச்சின் பின்புறத்தில் வானம் வேறொரு நாளுடையது என்று எழுதியே கொடுத்தேன்.

அடுத்த முறை டிரோனை இறக்கியவுடனே வரப்பில் நின்று, அதே திசையில், கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒரு வானப் படம் எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன். மூட்டம் அடர்ந்த நாளில் அதுவும் வெள்ளையாகத்தான் வரும் என்பதால், வெயில் ஏறி மூட்டம் விலகும் ஒன்பதரை மணி வாக்கில் இன்னொன்றும் எடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் சூரியன் நகர்வது இருபது பாகைதான், மெல்லிய மேகத்தில் அது தெரியாது. டிரோன் படத்தையும் −8க்குப் பதிலாக −12 பாகையில் எடுத்தால் அடிவானம் மேலும் இருநூறு பிக்சல் மேலேறிவிடும். மாற்ற வேண்டிய வானம் அந்த அளவுக்குக் குறையும். மாமாவுக்கும் வயல் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும்.